சின்ன ரோபோவுக்கு எந்த மோட்டார்? ஸ்டெப்பர், பிரஷ், பிரஷ்லெஸ்: என்கோடரோடு சேர்த்து ஒரு முழு வழிகாட்டி

மூன்று வகை மோட்டாரையும் ஒரு அட்டவணையில் போட்டு நிறை, குறை எழுதிவிடலாம். ஆனால் அதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போனால் எதை வாங்குவது என்ற குழப்பம் அப்படியேதான் இருக்கும். அதனால் இங்கே ஒரே ஒரு ரோபோவை எடுத்துக்கொள்கிறேன். எடை 2 கிலோ. இரண்டு பக்கமும் மோட்டார் போட்ட சக்கரம், முன்னால் தாங்குவதற்கு ஒரு குட்டிச் சக்கரம். சக்கரத்தின் விட்டம் 65 மில்லிமீட்டர், இரண்டு சக்கரங்களுக்கும் இடையே 150 மில்லிமீட்டர். வினாடிக்கு அரை மீட்டர் வேகம் வேண்டும், 10 டிகிரி சரிவில் ஏறவும் வேண்டும். பேட்டரி மூன்று செல் லித்தியம், 11.1 வோல்ட், 2200 மில்லி ஆம்பியர் மணி. இதற்கு மூன்று மோட்டாரையும் பொருத்திப் பார்ப்போம்.

பார்க்கும்போது ஒரு விஷயத்தை மட்டும் விடாமல் கவனியுங்கள். தண்டு எவ்வளவு சுற்றியது என்று அளக்கும் சென்சாரான என்கோடரை மூன்றிலும் போடலாம். ஆனால் அது செய்யும் வேலை மூன்றிலும் வேறு. ஸ்டெப்பரில் என்கோடர் வெறும் சாட்சி. அது இல்லாமலும் மோட்டார் ஓடும். பிரஷ் மோட்டாரில் வேகம் என்ன என்று சொல்ல அதைத் தவிர வேறு நாதியில்லை. பிரஷ்லெஸ்ஸிலோ, மெதுவாக, ஒழுங்காகச் சுற்றுவதற்கே அது வேண்டும். எந்த மோட்டார் என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இதில் இருக்கிறது.

## படி 1: முதலில் கணக்கு

ரோபோ சரிவில் ஏறிக்கொண்டே வேகமும் எடுக்கிறது என்று வையுங்கள். அதுதான் மோட்டாருக்கு மிகக் கஷ்டமான நேரம். தேவைப்படும் விசை மூன்று துண்டு: வேகம் எடுக்க, சரிவை வெல்ல, தரையின் உருளும் உராய்வை வெல்ல. ஒரு வினாடியில் வேகம் 1 மீட்டர்/வினாடி கூடும் அளவு முடுக்கம், உராய்வுக் குணகம் 0.03 என்று எடுத்துக்கொள்கிறேன்.

```
F = m*a + m*g*sin(10°) + 0.03*m*g
  = 2.0 + 3.4 + 0.6 = 6.0 N
T = F * r / 2 = 6.0 * 0.0325 / 2 ≈ 0.1 N·m
```

ஒரு சக்கரத்துக்கு 0.1 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. மோட்டார் விற்பவர்கள் எழுதும் கணக்கில் இது 1 கிலோ-சென்டிமீட்டர். கியர் உராய்வு, பேட்டரி இறங்குவது, கம்பளத்தில் மாட்டுவது எல்லாவற்றுக்கும் சேர்த்து இரட்டிப்பாக்கி 0.2 என்று வைத்துக்கொள்வோம்.

வேகம்: சக்கரத்தின் சுற்றளவு 204 மில்லிமீட்டர். அரை மீட்டர் போக வினாடிக்கு 2.45 சுற்று, அதாவது நிமிடத்துக்கு 147 சுற்று. சமதளத்தில் சீராக ஓடும்போது தேவைப்படும் முறுக்குவிசையோ வெறும் 0.01. உச்சத் தேவையில் பத்தில் ஒரு பங்கு. ரோபோ தன் வாழ்நாளில் பெரும்பகுதியை இந்த 0.01-இல்தான் கழிக்கும். இந்த இரண்டு எண்ணையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மோட்டாருக்கு மோட்டார் வித்தியாசம் தெரிவது இங்கேதான்.

## படி 2: ஸ்டெப்பரைப் போட்டுப் பார்ப்போம்

எல்லாருக்கும் கைக்கு வருவது நீமா 17. முன்தகடு 42 மில்லிமீட்டர் சதுரம், ஒரு ஸ்டெப் 1.8 டிகிரி, ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப். பிடிப்பு முறுக்குவிசை 0.4 நியூட்டன் மீட்டர் அளவில் இருக்கும் மாடலை எடுத்துக்கொள்வோம். நமக்குத் தேவையான 147 சுற்று என்பது வினாடிக்கு 490 ஸ்டெப். இந்த வேகத்தில் 12 வோல்ட்டிலேயே பிடிப்பு முறுக்குவிசையில் நல்ல பங்கு மிச்சமிருக்கும். ஆக, கியர்பாக்ஸ் இல்லாமல் நேரடியாகச் சக்கரத்தை மாட்டினாலே ரோபோ ஓடிவிடும். கியர் இல்லை என்றால் கியரின் ஆட்டமும் இல்லை. ஸ்டெப்பருக்கு ஆதரவாகச் சொல்ல வேண்டியதில் இது பெரிய விஷயம்.

பிரச்சினை பேட்டரியில். ஸ்டெப்பர் டிரைவர், ரோபோ சும்மா நின்றாலும் வைத்த கரன்ட்டை விடாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். 1.5 ஆம்பியர், ஒரு சுருளுக்கு 2.3 ஓம் உள்ள மோட்டாரில், ஒரு ஸ்டெப்பைச் சின்னத் துண்டுகளாக்கி நகர்த்தும் மைக்ரோஸ்டெப் முறையில் அது 5 வாட் சூடு. இரண்டு மோட்டாருக்கு 10 வாட். உச்சத் தேவையிலேயே சக்கரங்களுக்குப் போய்ச்சேரும் வேலை 3 வாட்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். நம் பேட்டரியில் இருப்பது 24 வாட்-மணி. ரோபோ ஒரு அடிகூட நகராமல் நின்றபடியே இரண்டரை மணி நேரத்துக்குள் அதைக் காலி செய்துவிடும். TMC2209 போன்ற டிரைவரில் நிற்கும்போது கரன்ட்டைக் குறைக்கும் வசதி உண்டு. கட்டாயம் அதைப் போடுங்கள். ஆனால் ஓடும்போது அது உதவாது. சமதளத்தில் 0.01 போதும் என்றாலும் ஸ்டெப்பர் சரிவில் ஏறுவது போலவே கரன்ட் குடிக்கும். எடையும் இருக்கிறது: ஒரு மோட்டார் 280 கிராம் பக்கம் வரும், இரண்டும் சேர்ந்தால் ரோபோவின் எடையில் கால் பங்குக்கு மேல்.

இப்போது ஸ்டெப் தவறுவதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். “ஸ்டெப்பர் துல்லியமானது” என்று சொல்பவர்களும் சரி, “ஸ்டெப்பரை நம்பாதே” என்று சொல்பவர்களும் சரி, இரண்டு பேரும் பாதி உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

சுமை ஏறும்போது ஸ்டெப்பரின் ரோட்டார், கட்டளையிட்ட இடத்திலிருந்து கொஞ்சம் பின்தங்கும். நம்முடைய 0.1 நியூட்டன் மீட்டர் சுமைக்குப் பின்தங்கல் 0.3 டிகிரிக்கும் கீழே, தரையில் 0.2 மில்லிமீட்டர்கூட இல்லை. சுமை கூடக்கூடப் பின்தங்கலும் கூடும். அது ஒரு முழு ஸ்டெப்பை, அதாவது 1.8 டிகிரியைத் தொட்டால் பிடி விட்டுவிடும். விட்டால் ஒரு ஸ்டெப் தவறுவதோடு நிற்காது. ரோட்டாரில் 50 பல் இருப்பதால், அடுத்து உட்காரத்தக்க இடம் நான்கு ஸ்டெப் தள்ளி, 7.2 டிகிரியில்தான் இருக்கிறது. அதாவது பிழை எப்போதும் 7.2-இன் மடங்காகத்தான் வரும். நம் சக்கரத்தில் ஒரு தவறல் 4.1 மில்லிமீட்டர். ஒரு பக்கம் மட்டும் தவறினால் ரோபோவின் திசை 1.6 டிகிரி திரும்பிப்போகும். ஆனால் நிரலோ எல்லாம் நேராகப் போகிறது என்றே நம்பிக்கொண்டிருக்கும்.

என்கோடர் சாட்சியாக உட்காருவது இங்கேதான். மோட்டாரின் பின் தண்டில் ஒரு காந்தம், அதன் எதிரே AS5600 மாதிரி ஒரு சென்சார். கட்டளைக் கோணத்துக்கும் படித்த கோணத்துக்கும் வித்தியாசம் பாருங்கள். 1 டிகிரிக்குள் இருந்தால் நிம்மதி. 1.8-ஐ நெருங்கினால் வேகத்தையோ முடுக்கத்தையோ உடனே குறையுங்கள். 7.2 அளவுக்குத் தாவியிருந்தால் தவறல் நடந்துமுடிந்தாயிற்று, கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, அதிர்வு. வினாடிக்கு 100 முதல் 200 ஸ்டெப் வரையிலான பகுதியில் ஸ்டெப்பர் பெரும்பாலும் கரகரவென்று நடுங்கும். நம் ரோபோவில் அது வினாடிக்கு 10 முதல் 20 சென்டிமீட்டர் வேகம். கதவுக்குள் நுழையும்போதும் சுவரை ஒட்டி ஊரும்போதும் ஓடும் அதே வேகம். மைக்ரோஸ்டெப் வைத்தால் நடுக்கம் வெகுவாகக் குறையும். ஆனால் 16-இல் ஒரு பங்கு மைக்ரோஸ்டெப் வைத்தால் துல்லியம் 16 மடங்கு கூடிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு மைக்ரோஸ்டெப் நகர்த்தும்போது கூடுதலாகக் கிடைப்பது பிடிப்பு முறுக்குவிசையில் பத்தில் ஒரு பங்குதான். உராய்வு அதைவிட அதிகமாக இருந்தால் ரோட்டார் அசையவே அசையாது. அடுத்த ஒன்றிரண்டு மைக்ரோஸ்டெப் சேர்ந்த பிறகே நகரும்.

## படி 3: பிரஷ் மோட்டார், கியர்பாக்ஸோடு

25 மில்லிமீட்டர் விட்டத்தில், கியர்பாக்ஸும் பின்னால் என்கோடரும் சேர்ந்தே வரும் 12 வோல்ட் மோட்டார். கியர் விகிதம் 34, சுமையில்லாத வேகம் 220, முழுதாகத் தடுத்துப் பிடித்தால் 0.9 நியூட்டன் மீட்டர், அப்போது 2.1 ஆம்பியர் என்று தரவுத்தாள் சொல்வதாக வைத்துக்கொள்வோம். எடை ஏறக்குறைய 100 கிராம்.

பிரஷ் மோட்டாரின் அழகு, கணக்கு நேர்கோட்டில் வருவது. சுமை ஏற ஏற வேகம் அதே அளவில் இறங்கும்:

```
rpm = 220 * (1 - T / 0.9)
T = 0.1 → 196 rpm
T = 0.2 → 171 rpm
```

இரட்டிப்புச் சுமையிலும் நமக்கு வேண்டிய 147-க்கு மேலேயே நிற்கிறது. சமதளத்தில் 0.01 சுமையில் கரன்ட் மிகவும் குறைவு. நின்றால் பூஜ்யம். ஸ்டெப்பரோடு ஒப்பிட்டால் அதே பேட்டரியில் பல மடங்கு நேரம் ஓடும்.

ஒரு எச்சரிக்கை. தடுத்துப் பிடித்த நிலையின் முறுக்குவிசையைப் பார்த்து மோட்டார் வாங்காதீர்கள். அந்த நிலையில் 12 வோல்ட், 2.1 ஆம்பியர், மொத்தம் 25 வாட்டும் சூடாகவே மாறும். சிறிய மோட்டார் சீக்கிரம் கெடும், கியர் பல்லும் உடையலாம். தொடர்ந்து எடுப்பதை அதில் கால் பங்குக்குள் வைத்துக்கொள்வது நல்லது. நம்முடைய 0.2 அதற்குள் வருகிறது.

டிரைவரைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியதும் அந்த 2.1 ஆம்பியரைத்தான், ஓடும்போது வரும் சின்னக் கரன்ட்டை அல்ல. DRV8871 ஒன்று ஒரு மோட்டாருக்கு 3.6 ஆம்பியர் உச்சம் வரை தாங்கும். இரண்டு வாங்கினால் போதும். DRV8833 விலை குறைவு என்று எடுக்க வேண்டாம். அதன் வோல்டேஜ் வரம்பு 10.8, நம் பேட்டரியோ முழுச் சார்ஜில் 12.6. பழைய L298N இரண்டு வோல்ட் பக்கம் தானே விழுங்கிவிடும். இன்னமும் ஏன் அதை எல்லாரும் வாங்குகிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை.

குறை என்ன? பிரஷ் தேயும், அது ஒன்று. இன்னொன்று, இந்த மோட்டாருக்குத் தான் எவ்வளவு சுற்றினோம் என்பது தெரியாது. ஒரே வோல்டேஜ் கொடுத்தாலும் இரண்டு மோட்டார் ஒரே வேகத்தில் ஓடாது; பேட்டரி இறங்கினால் வேகமும் இறங்கும். என்கோடர் இல்லாத பிரஷ் ரோபோவை நேராக ஓட்ட முயல்வது வீண் வேலை. அதனால் மோட்டாரை வாங்கிவிட்டு என்கோடரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். பின் தண்டு வெளியே நீட்டாத மோட்டாரில் பிறகு பொருத்துவது பெரிய தலைவலி.

## படி 4: பிரஷ்லெஸ்

ட்ரோன் மோட்டாரை ஒதுக்கிவிடலாம். 2300 கேவி என்றால் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 2300 சுற்று. நம் பேட்டரியில் 25,000 தாண்டும். நமக்கு வேண்டியது 147. அதோடு வரும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, மோட்டார் சுற்றும்போது உண்டாகும் பின்மின்னழுத்தத்தை வைத்துத்தான் ரோட்டார் எங்கே என்று ஊகிக்கிறது. நின்றிருக்கும்போது அது பூஜ்யம். அதனால் கிளம்பும்போது உதறும், மெதுவாக ஓடும்போது திணறும். விசிறிக்கு அது பிரச்சினை இல்லை, சக்கரத்துக்குப் பிரச்சினை.

அடுத்துக் கண்ணில் படுவது, கேமராவை ஆடாமல் நிறுத்தும் கிம்பல் மோட்டார். கேவி 100 பக்கம், இரண்டு முனைகளுக்கிடையே 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஆம்பியருக்கு எவ்வளவு முறுக்குவிசை என்பதைக் கேவியிலிருந்தே ஏறக்குறைய எடுத்துவிடலாம்:

```
Kt ≈ 9.55 / KV = 9.55 / 100 ≈ 0.095 N·m/A
```

சமதளத்தில் 0.01-க்கு 0.1 ஆம்பியர் போதும். சத்தமே இருக்காது, கியர் ஆட்டம் இல்லை, கையால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகும். ஆசையாக இருக்கும். சரி, சரிவில் ஏற்றுங்கள். 0.1-க்கு 1 ஆம்பியருக்குச் சற்று மேல். 10 ஓமில் அந்தக் கரன்ட்டைத் தள்ளவே 10 வோல்ட் போய்விடும். 147 சுற்றில் மோட்டார் தானே உண்டாக்கும் எதிர் வோல்டேஜ் இன்னொரு ஒன்றரை. கூட்டினால் பேட்டரியின் 11.1 தாண்டிவிட்டது. 0.2-க்கு வழியே இல்லை. ஆக, சரிவு இல்லாத தரையில் ஓடும் இலேசான ரோபோவுக்கும், இரண்டு சக்கரத்தில் சமன் செய்து நிற்கும் ரோபோவுக்கும் கிம்பல் மோட்டார் அருமை. நம்முடைய 2 கிலோவுக்குத் திணறும். ரெசிஸ்டன்ஸ் குறைந்த பெரிய மோட்டார் எடுத்தாலோ ஒரு கியர் சேர்த்தாலோ சரியாகும், ஆனால் செலவும் வேலையும் கூடும்.

பிரஷ்லெஸ்ஸை மெதுவாக ஓட்ட எஃப்ஓசி முறை வேண்டும். அதாவது ரோட்டார் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று ஒவ்வொரு கணமும் படித்து, அதற்குச் சரியாகக் குறுக்கே காந்தப்புலத்தை வைப்பது. SimpleFOC நூலகம் இதைச் சின்ன மைக்ரோகன்ட்ரோலரிலும் செய்துகொடுக்கும். என்கோடர் இங்கே தப்பாகச் சொன்னால் வேகம் கொஞ்சம் பிசகுவதோடு நிற்காது. மோட்டார் ஒரே இடத்தில் பூட்டிக்கொண்டு சூடேறும், அல்லது வெறிபிடித்துச் சுற்றும்.

AS5600 பற்றி மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அதன் எதிரே வைக்கும் காந்தம் விட்டத்தின் குறுக்கே காந்தமேற்றப்பட்டதாக இருக்க வேண்டும். சாதாரண வட்டக் காந்தத்தில் முனைகள் மேலும் கீழும் இருக்கும். அதை ஒட்டினால் தண்டு சுற்றினாலும் எண் ஒழுங்காக மாறாது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். சோதிக்க, காந்தத்தின் விளிம்பை ஓர் இரும்பு ஊசிக்கு அருகே மெல்லச் சுற்றுங்கள்: சரியான காந்தம் எதிரெதிரே இரண்டு இடத்தில் மட்டும் பலமாக இழுக்கும். இரண்டாவது, மைக்ரோகன்ட்ரோலரோடு இது பேசும் ஐ2சி தடத்தில் இதன் முகவரி 0x36, அதை மாற்ற முடியாது. இரண்டு சக்கரத்துக்கு இரண்டு சென்சார் என்றால் இரண்டு தனி ஐ2சி தடம் வேண்டும், இல்லையென்றால் TCA9548A போல ஒரு தடம்மாற்றி. மூன்றாவது, 400 கிலோஹெர்ட்ஸ் ஐ2சியில் ஒரு கோணத்தைப் படிக்கவே 0.1 மில்லிவினாடிக்கு மேல் ஆகும். மெதுவான சக்கரத்துக்கு அது போதும். வேகமாகச் சுற்றும் மோட்டாருக்குப் போதாது. அங்கே எஸ்பிஐ வழியாகப் படிக்கும் AS5047P பக்கம் போங்கள்.

## என் தேர்வு

இந்த ரோபோவுக்குப் பிரஷ் கியர் மோட்டார்தான். பேட்டரி பெரிதாக இருந்து, வேகமும் குறைவாக இருந்து, நிற்கும் இடத்தில் பிசகாமல் நிற்க வேண்டுமென்றால் ஸ்டெப்பரை யோசிப்பேன். சமன் செய்யும் ரோபோ, அல்லது கூடவே மைக்ரோஃபோன் வைத்த சத்தமில்லாத ரோபோ என்றால் பிரஷ்லெஸ். இனி வரும் படிகள் பிரஷ் மோட்டாருக்கு.

## படி 5: என்கோடரை இணைப்பது

மோட்டாரின் பின்னால் ஒரு காந்த வட்டு, அதன் ஓரத்தில் இரண்டு ஹால் சென்சார். ஏ, பி என்று இரண்டு சிக்னல், ஒன்றுக்கொன்று கால் சுழற்சி தள்ளி வரும். எது முந்தி வருகிறது என்பதிலிருந்து திசை தெரியும். தண்டின் ஒரு சுற்றுக்கு ஒரு சிக்னலில் 11 துடிப்பு என்றால், இரண்டின் ஏற்ற இறக்க விளிம்புகளையும் சேர்த்து எண்ணும்போது 44. கியர் 34 மடங்கு. ஆக, சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு 1496 கவுன்ட், ஒரு கவுன்ட் என்பது தரையில் 0.136 மில்லிமீட்டர். விற்பவர் 11 என்றோ 44 என்றோ எழுதுவார். எது என்று தெளிவாக இருக்காது. சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றி எண்ணிப் பார்த்துவிடுங்கள்.

ESP32 வைத்திருந்தால் எண்ணுவதற்கென்றே வன்பொருள் கவுன்டர் உள்ளே இருக்கிறது. ESP32-C3 போன்ற சில வகைகளில் அது கிடையாது, வாங்கும்போது கவனியுங்கள். இந்தக் கவுன்டர் 16 பிட், அதாவது 32767 வரைதான் போகும். நம் கணக்கில் அது நாலரை மீட்டர் தூரம். மேசைமேல் வைத்துச் சோதிக்கும்போது எல்லாம் சரியாக இருந்து, கூடத்தில் ஓடவிட்டால் நாலரை மீட்டரில் ரோபோ திடீரென்று பைத்தியம் பிடித்ததுபோல் ஆடினால் காரணம் இதுதான். ESP32Encoder நூலகம் இதைத் தானே கவனித்துக்கொள்ளும்.

வயரிங்கில் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் இரண்டு. பல ஹால் சென்சார்களின் வெளியீடு தானாக மேலே ஏறாது. இழுத்துப் பிடிக்க ஒரு ரெசிஸ்டர் வேண்டும். ESP32-இன் 34 முதல் 39 வரையுள்ள பின்களில் உள்ளே அந்த ரெசிஸ்டர் இல்லை. அங்கே மாட்டினால் கவுன்ட் மனம்போனபடி ஓடும். வெளியிலிருந்து 4.7 கிலோ ஓம் ஒன்றை 3.3 வோல்ட்டுக்குப் போடுங்கள். அடுத்தது, என்கோடர் வயரை மோட்டார் வயரோடு ஒரே கட்டாகக் கட்டுவது. மோட்டார் முனைகளுக்கிடையே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் ஒன்றைப் பற்றவைத்து, மோட்டார் வயர் இரண்டையும் முறுக்கித் தனியே கொண்டுபோங்கள்.

மோட்டாரின் மின் இரைச்சல் என்கோடர் வயரில் ஏறுகிறதா என்று கண்டுபிடிக்க எளிய வழி: சக்கரத்தைக் கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மோட்டாருக்கு ஒரு வினாடி மட்டும் பாதி டியூட்டி, அதாவது வேகமாகப் போட்டு அணைப்பதில் பாதி நேரம் மட்டும் மின்சாரம், கொடுங்கள். முதலில் கியர் ஆட்டத்துக்குச் சில கவுன்ட் நகரும், அப்புறம் எண் அப்படியே நிற்க வேண்டும். தொடர்ந்து ஏறினால் அது இல்லாத துடிப்பு.

கியர் ஆட்டம் என்றேன் அல்லவா, அது இந்த முறையின் ஒரு வரம்பு. என்கோடர் இருப்பது மோட்டார் பக்கம். கியர்பாக்ஸில் 2 டிகிரி ஆட்டம் இருந்தால் சக்கர ஓரத்தில் அது 1.1 மில்லிமீட்டர். என்கோடருக்கு 0.136 தெரியும், ஆனால் அந்த 1.1 தெரியாது. சக்கரத் தண்டிலேயே AS5600 வைத்தால் இது தீரும். சாதாரண ஓட்டத்துக்கு அவ்வளவு தேவையில்லை.

## படி 6: கவுன்டிலிருந்து வேகம்

உச்ச வேகத்தில் வினாடிக்கு ஏறக்குறைய 3660 கவுன்ட். 10 மில்லிவினாடிக்கு ஒருமுறை படித்தால் 36 அல்லது 37. ஒரு கவுன்ட் முன்பின் ஆனாலும் 3 சதவீதப் பிழைதான். ஆனால் வினாடிக்கு 5 சென்டிமீட்டரில் ஊரும்போது அதே இடைவெளியில் கிடைப்பது 3 அல்லது 4. இப்போது ஒரு கவுன்ட் என்பது கால் பங்குக்கு மேல். அளந்த வேகம் மேலும் கீழும் குதிக்கும். அதைத் துரத்தி மோட்டாரும் உறுமும். மெதுவான வேகத்தில் கரகரப்பு கேட்டால் பெரும்பாலும் கியர் காரணமல்ல, இந்தக் குதிப்புதான். 20 மில்லிவினாடி வைத்தால் இந்த ரோபோவுக்கு நடுநிலை. இன்னும் மெதுவாகப் போக வேண்டுமென்றால், கவுன்ட்டை எண்ணாமல் இரண்டு கவுன்ட்டுக்கு இடையேயான நேரத்தை அளக்க வேண்டும்.

## படி 7: வேகத்தைப் பிடித்து நிறுத்துவது

வேகப் பிழையைப் பார்த்து டியூட்டியைத் திருத்தும் முறைக்குப் பிஐடி என்று பேர்: பி இப்போதைய பிழைக்கு, ஐ சேர்ந்துகொண்டே வந்த பிழைக்கு, டி பிழை மாறும் வேகத்துக்கு. பேர் பெரிதாக இருந்தாலும், சக்கர வேகத்துக்கு டி தேவைப்படுவதில்லை. குதிக்கும் அளவீட்டை அது இன்னும் பெரிதாக்கும். பி, ஐ, அவற்றோடு ஒரு முன்கணிப்பு, இது போதும்.

```cpp
const float M_PER_COUNT = 0.2042f / 1496.0f;
const float DT = 0.02f;
float KF = 1.45f, KP = 1.0f, KI = 0.0f;

float step(float target, int dCount, float &integ) {
  float v = dCount * M_PER_COUNT / DT;
  float e = target - v;
  float u = KF * target + KP * e + integ;
  if (fabs(u) < 1.0f || u * e < 0) integ += KI * e * DT;
  return constrain(u, -1.0f, 1.0f);
}
```

வெளியே வரும் எண் -1 முதல் 1 வரை. அதையே டியூட்டியாக டிரைவருக்குக் கொடுங்கள், 20 கிலோஹெர்ட்ஸில், காதுக்கு எட்டாத அளவில். `KF` எங்கிருந்து வந்தது என்றால், 11.1 வோல்ட்டில் முழு டியூட்டிக்கு இந்த மோட்டார் சுமையின்றி வினாடிக்கு 0.69 மீட்டர் ஓடும், 1-ஐ 0.69-ஆல் வகுத்தால் 1.45. இந்த முன்கணிப்பே வேலையில் பெரும்பகுதியை முடித்துவிடும், மிச்சத்தைத் திருத்தத்தான் பி-யும் ஐ-யும். `integ` வரியில் உள்ள நிபந்தனை முக்கியம். சக்கரம் எதிலாவது மாட்டிக்கொண்டு முழு டியூட்டியில் நிற்கும்போது கூட்டல் ஏறிக்கொண்டே போனால், விடுபட்டவுடன் ரோபோ பாய்ந்துவிடும். உச்சத்தில் இருக்கும்போது ஏற விடாமலும், இறங்க மட்டும் விட்டும் அந்த வரி பார்த்துக்கொள்கிறது.

முதல்முறை ஓட்டும்போது சக்கரங்கள் தரையைத் தொடாதபடி ரோபோவைத் தூக்கி வையுங்கள். இந்த நிரலைப் போடும் முன்னால், வெறுமனே 0.2 டியூட்டி கொடுங்கள். சக்கரம் முன்னே சுற்ற வேண்டும், கவுன்ட்டும் ஏற வேண்டும், இரண்டு பக்கமும். மோட்டார்கள் எதிரெதிராகப் பொருத்தப்பட்டிருப்பதால் ஒரு சக்கரம் பின்னோக்கித்தான் சுற்றும். அதன் மோட்டார் வயர் இரண்டையும் மாற்றினால் சக்கரம் முன்னே சுற்றும், ஆனால் கவுன்ட் இறங்கும். அதைத் திருத்தாமல் நிரலைப் போட்டால், முன்னே போ என்றதும் அந்தச் சக்கரம் முழு வேகத்தில் பறக்கும், நிற்காது. ஏ, பி வயரை மாற்றினால் சரியாகிவிடும்.

அதன்பின் தரையில் வைத்து வேகம் 0.3 கொடுங்கள். `KI` பூஜ்யமாகவே இருக்கட்டும். `KP`-ஐ மெல்ல ஏற்றுங்கள். உறுமல் ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்தி, அதில் பாதிக்கு இறங்குங்கள். வேகம் 0.3-க்குச் சற்றுக் கீழேயே நின்றுவிடும். இப்போது `KI`-ஐ 2-இல் தொடங்கி ஏற்றினால் அந்த இடைவெளி மூடும். அரை வினாடிக்குள் மூடினால் போதும். இலக்கைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தால் `KI` அதிகம்.

## படி 8: தரையில் அளவு பார்ப்பது

65 மில்லிமீட்டர் என்பது சக்கரத்தின் உறையில் எழுதியது. ரப்பர், ரோபோவின் எடையில் கொஞ்சம் நசுங்கும். கியர் விகிதம் 34 என்பதும் பெரும்பாலும் முழு எண்ணாக இருக்காது, பல் எண்ணிக்கையைப் பொறுத்துப் பின்னம் ஒட்டியிருக்கும். இரண்டையும் தனித்தனியே தேட வேண்டாம். தரையில் இரண்டு மீட்டருக்குக் கோடு போட்டு, ரோபோவைக் கோட்டோடு ஓட்டி, கவுன்ட்டைப் பாருங்கள். கணக்குப்படி 14,650 வர வேண்டும். 14,900 வந்தால், ஒரு சுற்றுக்கு உண்மையில் போவது 204.2 அல்ல, 200.8. நிரலில் அந்த எண்ணைப் போடுங்கள். இடதும் வலதும் தனித்தனியாக. இரண்டு சக்கரத்திலும் அரை சதவீத வித்தியாசம் இருந்தால், இரண்டு மீட்டரில் ஒரு சக்கரம் 10 மில்லிமீட்டர் அதிகம் ஓடும். 150 மில்லிமீட்டர் அகல ரோபோவில் அது கிட்டத்தட்ட 4 டிகிரித் திருப்பம்.

கடைசியாக, என்கோடரால் எப்படியும் பார்க்க முடியாத ஒன்று: சக்கரம் வழுக்குவது. மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் இடையே எதுவும் தப்பவில்லை, தரையில்தான் தப்புகிறது. வழவழப்பான தரையில் சட்டென்று கிளம்பும்போதும் திரும்பும்போதும் இது நடக்கும். கண்டுபிடிக்க ஒரு கைரோ போதும். இரண்டு சக்கரத்தின் வேக வித்தியாசத்தை 0.15-ஆல் வகுத்தால் வருவது என்கோடர் சொல்லும் திரும்பும் வேகம். அதைக் கைரோ சொல்வதோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போகாத அந்த நொடிகளில் திசைக்குக் கைரோவை எடுத்துக்கொண்டு, முடுக்க வரம்பை 1-இலிருந்து 0.6-க்கு இறக்கிப் பாருங்கள். வழுக்கல் நின்றுவிட்டால் பழி தரையின் மேல். நிற்கவில்லை என்றால் சக்கரத்தைத் தண்டோடு பிடித்திருக்கும் குட்டித் திருகு தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்; தண்டிலும் சக்கரத்திலும் ஒரே நேர்க்கோடாகப் பேனாவால் குறி போட்டுவிட்டு ஓட்டினால், குறி விலகுவது கண்ணுக்கே தெரியும்.